ராத்திரி மிக்ஸ் ஊசி விட்டுப்போச்சு, இப்போது போடலாமா?

தேன்சிட்டு | இரவு 10:52

யாராவது விழித்திருந்தால் சொல்லுங்கள். அம்மாவுக்கு 66 வயது. கலங்கலாக இருக்குமே, அந்த 30/70 மிக்ஸ் இன்சுலின். காலையில் 24 யூனிட், ராத்திரி 16 யூனிட். இரண்டுமே சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். இன்று வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். பேச்சு சுவாரசியத்தில் எட்டு மணிக்கு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டோம். இப்போது பாத்திரம் கழுவி வைக்கும்போதுதான் பார்க்கிறேன், பேனா மேசையில் அப்படியே இருக்கிறது. மாட்டி வைத்த ஊசியின் மூடியைக்கூடக் கழற்றவில்லை.

மீட்டரில் இப்போது 268. சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டிய மெட்ஃபார்மின் 500-ஐ மறக்காமல் போட்டுவிட்டார். அம்மா "போட்டுவிடு, சும்மா இருந்தால் காலையில் 400 காட்டும்" என்கிறார். எனக்குக் கை வரவில்லை. இப்போதே 16 போடலாமா? இல்லை, காலை 24-உடன் இதையும் சேர்த்து 40 ஆகப் போடலாமா?

கணக்குப்பிள்ளை | இரவு 10:58

பதறாதீர்கள். இதற்கு எளிமையான கணக்கு ஒன்று உண்டு. இரண்டு வேளைக்கு நடுவே 12 மணி நேரம் என்றால் பாதி 6 மணி. பாதிக்குள் ஞாபகம் வந்தால் போடலாம், பாதி தாண்டினால் விட்டுவிட வேண்டும். உங்கள் அம்மாவுக்கு 7:30-க்கு ஊசி. இப்போது மூன்றரை மணி நேரம்தான் ஆகிறது. தாராளமாகப் போடலாம். ஆனால் காலையில் சேர்த்து 40 போடுவது மட்டும் கூடவே கூடாது.

செவ்வந்தி | இரவு 11:04

தேன்சிட்டு, போட வேண்டாம். பேனாவைக் கீழே வையுங்கள், மீதியைச் சொல்கிறேன். நான் சர்க்கரை நோய்ப் பிரிவில் 19 வருடமாக நர்ஸ். ஊசி கற்றுக்கொடுப்பதுதான் என் வேலை.

கணக்குப்பிள்ளை சொன்ன இரண்டாவது பாதி சரி, காலையில் சேர்த்துப் போடவே கூடாது. முதல் பாதி இந்த ஊசிக்குப் பொருந்தாது. அந்தக் கணக்கு கடிகாரத்தைப் பார்க்கிற மருந்துக்கு உரியது. மிக்ஸ் ஊசி தட்டைப் பார்க்கிற மருந்து.

உங்கள் 16 யூனிட்டைப் பிரித்துப் பாருங்கள். அதில் 30 பங்கு வேகமானது, அதாவது ஏறக்குறைய 5 யூனிட். மீதி 11 யூனிட் மெதுவாக வேலை செய்வது. அந்த 5 யூனிட் எட்டு மணிச் சாப்பாட்டுக்காக வைத்தது. இப்போது போட்டால் அது ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை உச்சத்தில் நிற்கும். அந்த நேரத்தில் வயிற்றில் ஒன்றும் இருக்காது. அது அடங்கும்போது 11 யூனிட் ஏறத் தொடங்கும். போட்டு 4 மணி நேரம் கழித்து ஆரம்பித்து விடியும்வரை அதன் வேகம் இருக்கும். அம்மா தூங்கிக்கொண்டிருப்பார். வியர்த்தாலும் நடுங்கினாலும் யாருக்கும் தெரியாது. 268 என்பது ஒரு ராத்திரி தாங்கக்கூடிய எண். தூக்கத்தில் 45-க்கு இறங்குவது அப்படியல்ல.

சாப்பிட்டு எழுந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஞாபகம் வந்திருந்தால் பேச்சு வேறு, பெரும்பாலும் போடச் சொல்வார்கள். மூன்று மணி நேரம் கழித்து, அதுவும் படுக்கப் போகும் நேரத்தில் என்றால் வழக்கமான பதில் இந்த வேளையை விட்டுவிடுவதுதான்.

இப்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அம்மாவைத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டில் இரவு அவசர எண் இருந்தால் கூப்பிட்டு நான் சொன்னதை உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் டாக்டருக்கு அம்மாவின் சிறுநீரகம், இதயம் எல்லாம் தெரியும், எனக்குத் தெரியாது. மூன்று மணிக்கு அலாரம் வைத்து ஒருமுறை விரலில் குத்திப் பாருங்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வேகமாக வாங்குவது, குழப்பமான பேச்சு, இல்லை 300 தாண்டி ஏறிக்கொண்டே போவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். எதுவும் இல்லையென்றால் காலையில் வழக்கமான 24, வழக்கமான நேரத்தில், வழக்கமான சாப்பாட்டோடு.

தேன்சிட்டு | இரவு 11:21

கூப்பிட்டேன் அக்கா. இரவுப் பணியில் இருந்த டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார், "எந்த மிக்ஸ், சாப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு?" சொன்னதும் "இன்றைக்கு விடுங்கள், மூன்று மணிக்குப் பாருங்கள், காலையில் வழக்கம்போல" என்று வைத்துவிட்டார். அம்மாவுக்கு நம்பிக்கையே இல்லை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

நிலாமுற்றம் | இரவு 11:40

எங்கள் மாமியாருக்கும் இதேதான். விரத நாளில் சாப்பிட மாட்டார். அன்றைக்கு ஊசி போடலாமா கூடாதா என்று ஒவ்வொரு தடவையும் சண்டை. சாப்பிடாமல் போட்டால் லோ ஆகும் என்று நான் சொன்னால் கேட்க மாட்டார். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் தேன்சிட்டு?

செவ்வந்தி | இரவு 11:47

நிலாமுற்றம், அது வேறு கேள்விம்மா. இங்கே சாப்பாடு ஆச்சு, ஊசி விட்டுப்போச்சு. உங்கள் வீட்டில் ஊசி இருக்கு, சாப்பாடு விட்டுப்போகுது. மாமியார் என்ன ஊசி, எத்தனை வேளை என்று எழுதித் தனியாகக் கேளுங்கள். விரதத்துக்கு முதல் நாளே அளவை மாற்றி எழுதி வாங்க வேண்டிய விஷயம் அது. ஆனால் ஒன்று பாருங்கள், நீங்கள் பயப்படுவதும் நான் பயப்படுவதும் ஒரே இடம்தான்: தட்டு காலி, ஊசி உள்ளே.

கணக்குப்பிள்ளை | இரவு 11:55

அம்மா விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதிக் கணக்கை நான் கற்பனையில் எடுத்துவிடவில்லை. நான் போடும் டாபாக்ளிஃப்ளோசின் மாத்திரையின் உள்தாளில் இருக்கிறது. அடுத்த வேளைக்கு 12 மணி நேரமோ அதற்கு மேலோ இருந்தால் ஞாபகம் வந்ததும் போடு, அதற்குக் குறைவாக இருந்தால் விட்டுவிடு என்று. அதைத்தான் ஐந்து வருடமாகச் செய்கிறேன்.

மாத்திரைச்சீட்டு | காலை 6:10

நான் மருந்துக்கடையில் மருந்தாளுநர். கணக்குப்பிள்ளை ஐயா, உங்கள் மாத்திரைக்கு நீங்கள் செய்வது சரிதான். அதை எல்லா மாத்திரைக்கும் விரிப்பதில்தான் சிக்கல். கடைக்கு வருகிறவர்கள் செய்யும் தவறும் இதுவே. பக்கத்து வீட்டுக்காரரின் விதியைத் தன் மாத்திரைக்குப் பூட்டுவார்கள்.

செவ்வந்தி அக்கா சொன்ன தட்டு, கடிகாரம் பிரிவினையை மாத்திரைக்கும் வைத்துப் பார்க்கலாம். சிடாக்ளிப்டின், லினாக்ளிப்டின், உங்கள் டாபா எல்லாம் கடிகாரப் பக்கம். தனியாகப் போட்டால் சர்க்கரையைத் தரைக்கு இறக்குகிற குணம் இவற்றுக்குக் குறைவு. காலையில் விட்டது மதியம் ஞாபகம் வந்தால் மதியம் போடலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் அன்றைய மாத்திரை மட்டும். டாபாவில் கூடுதலாக ஒன்று. வாந்தி, காய்ச்சல், சாப்பிட முடியாத நாள் என்றால் விட்டுப்போன மாத்திரையைத் தேடிப் போடாதீர்கள். அந்த நாட்களில் டாபாவை நிறுத்தி வைத்துவிட்டு டாக்டரைக் கேட்க வேண்டும். சர்க்கரை அதிகம் ஏறாமலேயே உடம்பில் கீட்டோன் சேரும் ஆபத்து அதில் இருக்கிறது.

மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு போடச் சொல்வது வயிற்றுக்காக. விட்டால் அடுத்த சாப்பாட்டோடு அந்த வேளைக்குரிய ஒன்று மட்டும். இரண்டாகப் போட்டால் லோ ஆவதைவிட வயிற்றுப்போக்குதான் முதலில் வரும். வாக்ளிபோஸ், அகார்போஸ் இரண்டும் முதல் கவளத்தோடு போக வேண்டியவை. சாப்பிட்டு முடித்த பிறகு அவற்றுக்கு வேலையே இல்லை. கை கழுவிய பிறகு ஞாபகம் வந்தால் மறந்துவிடுங்கள், நஷ்டம் அந்த ஒரு வேளைதான்.

எனக்குப் பயமெல்லாம் கிளிமெபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்க்ளமைடு கூட்டத்தின் மேல்தான். இவை கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே கொண்டுவருபவை. தட்டில் சாப்பாடு இருக்கிறதா என்று பார்க்காமலே பிழியும். காலையில் விட்ட கிளிமெபிரைடை ராத்திரி சாப்பிட்டுப் படுக்கும்போது ஞாபகம் வந்து போட்டவரை விடிகாலையில் ஆம்புலன்ஸில் கொண்டுபோனதைப் பார்த்திருக்கிறேன். கொடுமை என்னவென்றால், சர்க்கரை கொடுத்துத் தெளிந்த பிறகும் மருந்து உள்ளேயே இருப்பதால் மறுபடி இறங்கும். வயதானவர், சிறுநீரகம் பலவீனமானவர் என்றால் ஒரு நாள் முழுக்கக் கண்காணிப்பில் வைப்பார்கள்.

கரும்பலகை | காலை 6:48

மாத்திரைச்சீட்டு அண்ணா, என் அப்பாவுக்கு 71 வயது. கிளிமெபிரைடு 2-உம் மெட்ஃபார்மின் 500-உம் ஒரே மாத்திரையில் இருக்கிறது, காலைச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று. போன வாரம் 11 மணிக்குத்தான் ஞாபகம் வந்தது. மெட்ஃபார்மின் அடுத்த சாப்பாட்டோடு போடலாம் என்கிறீர்கள், கிளிமெபிரைடைப் போடாதே என்கிறீர்கள். ஒரே மாத்திரையாக இருக்கும்போது யார் பேச்சைக் கேட்பது? அன்று நான் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

மாத்திரைச்சீட்டு | காலை 7:05

கூட்டு மாத்திரையில் முரட்டு ஆளின் விதிதான் செல்லும். கிளிமெபிரைடு உள்ளே இருந்தால் முழு மாத்திரையும் கிளிமெபிரைடு என்றே நினைத்துக்கொள்ளுங்கள். பெயரின் பின்னால் இருக்கும் எழுத்துகளை நம்பாதீர்கள், அட்டையின் பின்பக்கத்தில் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் படியுங்கள்.

நீங்கள் மதியம் கொடுத்ததில் பெரிய தவறு இல்லை என்பது என் கருத்து. ஒரு நாளைக்கு ஒன்றுதான், முன்னால் ஒரு முழுச் சாப்பாடு காத்திருக்கிறது, பகல் வெளிச்சத்தில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. ராத்திரியானால் விட்டிருக்க வேண்டும்.

செவ்வந்தி | காலை 7:12

இதில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். 71 வயதில் காலை விட்டுப்போனால் அன்றைக்கு விட்டுவிடு என்றே எங்கள் பிரிவில் சொல்லித்தருகிறோம். மதியம் போட்ட மாத்திரை ராத்திரியும் உள்ளே இருக்கும், மறுநாள் காலையில் அடுத்ததும் போகும், இடைவெளி சுருங்கிவிடும். ஒரு நாள் சர்க்கரை 220-இல் நின்றால் என்ன குடி முழுகிவிடும்? இளையவர், சிறுநீரகம் நன்றாக இருப்பவர் என்றால் மதியம் போடச் சொல்லும் டாக்டர்களும் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை.

மாத்திரைச்சீட்டு | காலை 7:15

சரி அக்கா, 71 வயதுக்கு நீங்கள் சொல்வது இன்னும் பத்திரம். 45 வயதுக்காரருக்கு நான் மதியம் என்றுதான் சொல்வேன். கரும்பலகை, அப்பாவின் டாக்டரிடம் கேட்டு ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தேன்சிட்டு | காலை 7:40

ராத்திரி நிலவரம் சொல்கிறேன். மூன்று மணிக்கு 241. ஆறரைக்கு வெறும் வயிற்றில் 229. அம்மா பயந்த 400 வரவில்லை. இரண்டு தடவை சிறுநீர் கழிக்க எழுந்தார், கொஞ்சம் தாகம், அவ்வளவுதான். ஏழு மணிக்கு 24 யூனிட் போட்டு, அரை மணியில் சாப்பிட உட்கார வைத்துவிட்டேன்.

அக்கா, ஒரு சந்தேகம். 229 இருக்கும்போது வழக்கமான 24 மட்டும் போதுமா? இரண்டு யூனிட்டாவது கூட்டிப் போட்டிருக்கலாமோ?

செவ்வந்தி | காலை 7:52

கூட்டவில்லையே, நல்லது. விட்டுப்போனதை ஒரேயடியாகச் சேர்க்காமல், "ரெண்டே ரெண்டு" என்று கொஞ்சமாகச் சேர்ப்பதும் இரட்டிப்புதான், பொடி நடையில் வருகிறது அவ்வளவே. மிக்ஸில் இரண்டு கூட்டினால் வேகமானது மட்டும் கூடாது, மெதுவானதும் கூடும். அதன் பலன் மாலையில், அடுத்த ஊசி போடுகிற நேரத்தில் வந்து நிற்கும். எந்த எண்ணுக்கு எத்தனை கூட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த அட்டவணை உங்களிடம் இருந்தால் அது வேறு. இல்லாதபோது கையால் கூட்ட வேண்டாம். இன்று மாலைக்குள் தானாக வழிக்கு வரும்.

பழைய_ரேடியோ | காலை 9:30

இந்த இழையைப் படித்து யாரும் "ஊசி விட்டால் விட்டதுதான்" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அதனால் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு டைப் 1, பதினான்கு வயதிலிருந்து. என் உடம்பில் சொந்த இன்சுலின் சொட்டுக்கூடக் கிடையாது. சாப்பாட்டுக்கு முன் தெளிவான வேக ஊசி, ராத்திரி 10 மணிக்கு கிளார்ஜின் 18 யூனிட்.

மூன்று வருடம் முன்பு ஒரு பயணத்தில் கிளார்ஜினை மறந்து தூங்கிவிட்டேன். காலை 7-க்கு எழுந்தபோது 310, வாயில் ஒரு மாதிரிப் புளிப்பு, குமட்டல். வேக ஊசிதான் கையில் இருக்கிறதே, அதை வைத்து இறக்கிவிடலாம் என்று நினைத்தேன். இறங்கியது, மூன்று மணி நேரத்தில் திரும்ப ஏறியது. அடியில் தாங்குகிற ஊசி இல்லாமல் வேக ஊசி மட்டும் போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. மதியம் கீட்டோன் மீட்டரில் 1.9 காட்டியது. டாக்டரைக் கூப்பிட்டேன், திட்டு வாங்கினேன். காலையிலேயே கூப்பிட்டிருந்தால் இவ்வளவு வந்திருக்காது என்றார்.

அதற்கப்புறம் எனக்கு ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். நள்ளிரவு 2 மணிக்குள் ஞாபகம் வந்தால் முழு 18. காலையில் ஞாபகம் வந்தால் பாதி, 9 யூனிட், அப்போதே. அன்று ராத்திரி 10-க்கு வழக்கமான 18. இடையில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை சர்க்கரை, கூடவே கீட்டோன். இது எனக்காக எழுதியது, யாரும் நகல் எடுக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை | காலை 9:44

அப்படியானால் கிளார்ஜின் கடிகாரப் பக்கம்தானே? என் கணக்கு இதற்கு ஒத்துவரும்.

பழைய_ரேடியோ | காலை 9:58

கடிகாரப் பக்கம்தான், ஆனால் உங்கள் கணக்கின்படி பாதி நாள் தாண்டினால் "விட்டுவிடு" என்று வருகிறதே, அது எங்கள் மாதிரி ஆட்களைப் படுக்கையில் போட்டுவிடும். டைப் 1-இல் இந்த ஊசியை முழுதாக விடுவது என்ற பேச்சே இல்லை. எப்போது, எவ்வளவு என்பதுதான் கேள்வி.

ஊசிக்கு ஊசியும் மாறும். என் தங்கை டெக்லுடெக் போடுகிறாள். அவளுக்கு ஞாபகம் வந்ததும் போடலாம், அடுத்ததற்கு முன் 8 மணி நேரமாவது இடைவெளி இருந்தால் போதும். 300 வீரியமுள்ள கிளார்ஜினில் வழக்கமான நேரத்துக்கு மூன்று மணி முன்னும் பின்னும் சலுகை உண்டு. சாதாரண கிளார்ஜினில் அந்த அளவு இளக்கம் கிடையாது. பேனாவின் நிறத்தை வைத்து ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள்.

கரும்பலகை | காலை 10:15

சாப்பாட்டு நேர வேக ஊசி விட்டுப்போனால் என்ன செய்வீர்கள் ரேடியோ அண்ணா?

பழைய_ரேடியோ | காலை 10:31

சாப்பிட்டு முடித்த உடனே ஞாபகம் வந்தால் போட்டுவிடுவேன். இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டால் சாப்பாட்டுக்கான அளவை மறந்துவிட்டு, அப்போதைய எண்ணைப் பார்த்து டாக்டர் கொடுத்த திருத்த அட்டவணைப்படி மட்டும். அடுத்த சாப்பாடு நெருங்கிவிட்டால் அந்தச் சாப்பாட்டோடு பார்த்துக்கொள்வேன், இரண்டையும் சேர்க்க மாட்டேன். ஒரு ஊசி நாலு மணி நேரம் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். அதற்குள் எண் இறங்கவில்லையே என்று ஆத்திரப்பட்டு மேலே மேலே போட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் இறக்கும். இருபது வயதில் இதையும் செய்து பார்த்தாச்சு. நடு வகுப்பில் 38.

நிலாமுற்றம் | பகல் 12:20

என் மாமியார் வாரம் ஒரு ஊசி போடுகிறார், செமாக்ளூடைடு. ஞாயிறு போட வேண்டியது, புதன் வரை மறந்துவிட்டார். இதற்கும் தட்டு, கடிகாரமா?

மாத்திரைச்சீட்டு | பகல் 12:34

அது நாள்காட்டி! செமாக்ளூடைடு வார ஊசி என்றால் 5 நாளுக்குள் ஞாபகம் வந்தால் போடலாம், ஐந்து தாண்டினால் அடுத்த ஞாயிறுதான். புதனில் போடலாம், அப்புறம் வழக்கம்போல ஞாயிறு. டூலாக்ளூடைடு என்றால் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும், அடுத்த ஊசிக்கு இன்னும் 3 நாளாவது இருக்க வேண்டும். ஆனால் நேற்று ஊசியும் விரதமும் பற்றிக் கேட்டீர்களே, மாமியாருக்கு இதோடு இன்சுலினும் இருக்கிறதா? இருந்தால் இரண்டையும் ஒரே விதியில் கட்டாதீர்கள்.

நிலாமுற்றம் | பகல் 12:41

இருக்கிறது, காலையில் ஒன்று. பெயர் பார்த்துவிட்டுத் தனி இழையாகப் போடுகிறேன்.

ஆட்டுக்கல் | பிற்பகல் 2:05

என் கேள்வி இன்னும் கேவலமானது. எனக்கு ஊசி விட்டுப்போவதில்லை. போட்டேனா இல்லையா என்பதுதான் மறந்துபோகிறது. போன மாதம் சந்தேகத்தில் காலை மிக்ஸ் 20 யூனிட்டைத் திரும்பப் போட்டுவிட்டேன். ஏற்கெனவே போட்டிருக்கிறேன் என்பது குப்பைத்தொட்டியில் இரண்டு ஊசிமுனைகளைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. 40 யூனிட் உள்ளே.

செவ்வந்தி | பிற்பகல் 2:22

ஐயோ. என்ன செய்தீர்கள்?

ஆட்டுக்கல் | பிற்பகல் 2:30

மனைவி என்னைத் தனியாக விடவில்லை. மருத்துவமனைக்குப் போன் போட்டார். உடனே கிளம்பி வரச் சொன்னார்கள். கிளம்புவதற்கு முன் நன்றாகச் சாப்பிட்டேன், கையில் குளுக்கோஸ் பொடி. வண்டியை அவர்தான் ஓட்டினார். அங்கே மணிக்கு ஒருமுறை விரலில் குத்தினார்கள். பத்தரைக்கு 61, கை நடுங்கியது. குளுக்கோஸ் மூன்று தேக்கரண்டி தண்ணீரில் கலந்து கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 78. அது முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மாலை நாலு மணிக்கு மறுபடி 66. ராத்திரி எட்டுக்குத்தான் வீட்டுக்கு விட்டார்கள்.

செவ்வந்தி | பிற்பகல் 2:48

நாலு மணிக்கு இறங்கியது அந்த மெதுவான பங்கு, 40-இல் 28 யூனிட் அதுதானே. முதல் லோவைச் சரிசெய்துவிட்டு வீட்டிலேயே இருந்திருந்தால் இரண்டாவது லோவை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். சரியாகத்தான் செய்தீர்கள்.

சந்தேகம் வந்தால் "போட்டாச்சு" என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டைப் 2-இல் ஒரு மிக்ஸ் வேளை உண்மையிலேயே விட்டிருந்தாலும், நேற்று தேன்சிட்டு வீட்டில் நடந்ததுதான் நடக்கும். மூன்று நாலு மணி நேரம் கழித்துச் சர்க்கரையைப் பாருங்கள், எண் சொல்லிவிடும். டைப் 1-இல் அடித்தள ஊசியில் சந்தேகம் என்றால் அப்போதும் திரும்பப் போடாமல், ரேடியோ மாதிரி அடிக்கடி சர்க்கரையும் கீட்டோனும் பார்த்துக்கொண்டு டாக்டரைக் கேளுங்கள்.

பழைய_ரேடியோ | பிற்பகல் 3:10

சில பேனாக்களின் பின்முனையில் கடைசியாக எத்தனை யூனிட், எத்தனை மணி நேரம் முன்பு என்று காட்டும் சின்னத் திரை உண்டு. அது கிடைக்காதபோது நான் செய்தது, ஒரு நாளைக்குத் தேவையான ஊசிமுனைகளை மட்டும் காலையில் எண்ணி ஒரு டப்பாவில் வைப்பது. டப்பாவில் முனை குறைந்திருந்தால் போட்டாச்சு. அதே முனையை இரண்டாம் தடவை உபயோகிக்கிற பழக்கம் இருந்தால் இது வேலை செய்யாது.

ஆட்டுக்கல் | பிற்பகல் 3:16

அந்தப் பழக்கம் இருந்தது. விட்டுவிட்டேன்.

வேலிப்பருத்தி | மாலை 5:40

தாமதமாக வருகிறேன். செவ்வந்தி சொன்னதில் ஒன்று எனக்கு இடிக்கிறது. என் கணவருக்கு இதேமாதிரி ராத்திரி மிக்ஸ் விட்டபோது எங்கள் டாக்டர் "பாதி போடுங்கள்" என்றார். 20-க்குப் பதில் 10. ஒன்றும் ஆகவில்லை. முழுதாக விட்டால் ராத்திரி பூராவும் 250-லேயே கிடக்கும், அதுவும் நல்லதில்லையே?

செவ்வந்தி | மாலை 6:02

அன்று அவருக்கு எத்தனை இருந்தது, ஞாபகம் வந்தபோது மணி என்ன?

வேலிப்பருத்தி | மாலை 6:09

340 பக்கம் இருந்தது. மணி ஒன்பதேகால், எட்டரைக்குச் சாப்பிட்டார். எடை 94 கிலோ, வயது 49.

செவ்வந்தி | மாலை 6:20

அங்கேதான் வித்தியாசம். முக்கால் மணி நேரம்தான் ஆகியிருக்கிறது, சாப்பாடு இன்னும் செரித்துக்கொண்டிருக்கிறது, எண்ணும் அதிகம், ஆளும் இளையவர். டாக்டர் ஆளைத் தெரிந்து சொல்லியிருக்கிறார். 66 வயதில், மூன்று மணி நேரம் கழித்து, 268-க்கு எட்டு யூனிட் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம். அந்த எட்டிலும் ஐந்தரை யூனிட் விடிகாலைக்குத்தான் போகும் என்பதால் நான் கேட்காமல் போடச் சொல்ல மாட்டேன்.

வேலிப்பருத்தி | மாலை 6:31

எனக்கு இன்னும் முழுதாக ஒப்பவில்லை. ஆனால் கேட்காமல் போடாதே என்பதை ஒத்துக்கொள்கிறேன், நாங்களும் கேட்டுத்தான் போட்டோம்.

தேன்சிட்டு | இரவு 7:25

மாலை ஊசிக்கு முன் 164. வழக்கமான 16 போட்டாச்சு. இந்தத் தடவை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். நாளை மறுநாள் டாக்டரைப் பார்க்கப் போகிறோம். வேலிப்பருத்தி அக்கா சொன்ன பாதிக் கணக்கு அம்மாவுக்கு எப்போதாவது பொருந்துமா, எத்தனை மணிக்குள் என்றால் போடலாம், என்ன எண்ணுக்கு மேல் போனால் கூப்பிட வேண்டும் என்று மருந்துச் சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதி வாங்கப் போகிறேன். அம்மா இப்போது தட்டு வைப்பதற்கு முன் பேனாவைத் தட்டிலேயே வைக்கச் சொல்கிறார். ஊசியை எடுத்தால்தான் சோறு போட இடம் இருக்குமாம்.